விண்டோஸா மேக்கா என்று தெரியாதபோது ஷார்ட்கட் சொல்லும் முறை

கிருஷ்ணகிரியில் ஒரு கணினி சேவை மையத்தில், வாடிக்கையாளர்கள் வாட்ஸப்பில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது என் வேலை. அந்த நாற்காலியில் புதிதாக உட்காருபவர்களுக்கு நான் சொல்லித்தரும் விஷயங்களில் ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். கேட்பவர் ஒரு ஷார்ட்கட் கேட்கிறார். அவர் முன்னால் இருப்பது விண்டோஸா, மேக்கா என்று தெரியவில்லை. கேள்வியைத் திருப்பித் திருப்பிப் படித்தாலும் தடயம் கிடைக்கவில்லை. என்ன எழுதுவது?

இரண்டையும் எழுத வேண்டும், இரண்டையும் சுருக்கமாக எழுத வேண்டும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதைச் சரியாகச் செய்வதில் சில நெளிவுசுளிவுகள் இருக்கின்றன.

"நம் ஊரில் எல்லோரும் விண்டோஸ்தானே வைத்திருக்கிறார்கள், மேக்குக்கு எதற்குத் தனியாக ஒரு வரி?" என்று புதியவர்கள் கேட்பார்கள். எங்களுக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை விண்டோஸ்காரர்களுடையவைதான். ஆனால் ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு. அங்கே வேலை பார்த்துக்கொண்டு, கம்பெனி கொடுத்த மேக்கை ஊருக்கு எடுத்துவருபவர்கள் இருக்கிறார்கள். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டித் தருபவர்களிலும் சிலர் மேக் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கேள்வியும் மற்றவர்களுடையதைப் போலத்தான் வரும்; நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வராது.

ஒன்றை மட்டும் சொன்னால் நட்டம் இரு பக்கமும் ஒரே அளவில் இல்லை. விண்டோஸ்காரரிடம் `Command` விசையை அழுத்தச் சொன்னால், அப்படியொரு விசையே தன் கீபோர்டில் இல்லை என்று உடனே திருப்பிக் கேட்பார். மேக்காரரிடம் `Ctrl` அழுத்தச் சொன்னால் அவர் கேட்கவே மாட்டார். ஏனென்றால் மேக் கீபோர்டிலும் `control` என்று ஒரு விசை இருக்கிறது. அதை அழுத்துவார், பல நேரம் ஒன்றும் நடக்காது. சொன்னபடி செய்தும் நடக்கவில்லையே என்று கீபோர்டைச் சந்தேகிப்பார், அல்லது நம்மைச் சந்தேகிப்பார்.

முதலில் தடயம் உண்மையிலேயே இல்லையா என்று பாருங்கள்

இதற்கு அரை நிமிடம் போதும். கேள்வியில் டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு, நோட்பேட், `C:` டிரைவ், `.exe` கோப்பு ஆகியவற்றில் ஏதாவது தென்பட்டால் அது விண்டோஸ். ஃபைண்டர், டாக், `.dmg` கோப்பு, ஃபைனல் கட் என்று வந்தால் மேக். படம் அனுப்பியிருந்தால் ஜன்னலின் மேல் மூலையைப் பாருங்கள். இடது பக்கம் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று வட்டங்கள் இருந்தால் மேக். வலது மூலையில் பெருக்கல் குறி இருந்தால் விண்டோஸ். அதே உரையாடலில் மேலே போய்ப் பழைய கேள்விகளையும் ஒரு பார்வை பாருங்கள். தடயம் கிடைத்துவிட்டால் அந்த ஒன்றை மட்டும் எழுதுங்கள். இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்குத் தேவையில்லை.

போலித் தடயங்களில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். குரோம், எக்செல், வேர்ட், ஃபோட்டோஷாப், ஜிமெயில் எல்லாம் இரண்டிலும் ஓடுபவை. "எக்செல் என்று சொல்லியிருக்கிறார், அப்படியானால் விண்டோஸ்" என்பது வெறும் ஊகம். கேட்பவர் ஐபோன் வைத்திருக்கிறார் என்பதாலும் அவர் மேஜையில் மேக் இருக்கும் என்று ஆகிவிடாது.

ஒரு கேள்வி, நான்கு பதில்கள்

மாங்கூழ் தொழிற்சாலை ஒன்றின் கணக்கர் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "சார், கூகுள் ஷீட்டில் இருக்கும் கொள்முதல் பட்டியலில் பெங்களூரா என்று வரும் இடமெல்லாம் தோத்தாபுரி என்று மாற்ற வேண்டும். வாங்குபவர் அந்தப் பெயரைத்தான் கேட்கிறார். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருக்கிறேன், லாரி வாசலில் நிற்கிறது. ஷார்ட்கட் ஏதாவது இருக்கிறதா?"

பெங்களூரா, தோத்தாபுரி இரண்டும் ஒரே மாம்பழ வகையின் பெயர்கள்; மாம்பழப் பருவத்தில் இந்த மாதிரிக் கேள்வி எங்களுக்குப் புதிதல்ல. கூகுள் ஷீட் இணைய உலாவியில் ஓடுவது. எந்தக் கணினி என்பதற்கு இதில் ஒரு குறிப்பும் இல்லை.

புதியவர் ஒருவர் `Ctrl+H` என்று மட்டும் பதில் எழுதுவார். விண்டோஸாக இருந்தால் வேலை முடிந்தது. மேக்காக இருந்தால் நான் மேலே சொன்ன கதை.

இன்னொருவர் மரியாதையாக, "சார், நீங்கள் பயன்படுத்துவது விண்டோஸா, மேக்கா?" என்று கேட்பார். தவறில்லை. ஆனால் லாரி நிற்கிறது. கணக்கர் அந்தக் கேள்வியைப் பார்ப்பதற்குள் பழையபடி ஒவ்வொன்றாக அடிக்கப் போயிருப்பார். அதோடு, கேட்கப்படுபவருக்கே பதில் தெரியாமலிருப்பதும் உண்டு. "டெல் லேப்டாப்" என்றோ "ஆபீஸ் கணினி" என்றோ பதில் வரும். இரண்டு வரியில் முடிகிற பதிலுக்கு ஒரு சுற்றுக் கேள்வி வீண்.

மூன்றாமவர் இரண்டும் எழுத வேண்டும் என்று கேள்விப்பட்டிருப்பார். `Ctrl` இருக்கும் இடத்தில் `Command` போட்டால் மேக்குக்கு ஆகிவிடும் என்று நினைத்து, "விண்டோஸில் `Ctrl+H`, மேக்கில் `Command+H`" என்று எழுதுவார். பார்ப்பதற்கு அழகாக இருக்கிறது. மேக்கில் அதை அழுத்தினால் என்ன ஆகும் தெரியுமா? `Command+H` என்பது மேக்கில் அந்தச் செயலியையே மறைத்துவிடும் கட்டளை. குரோம் ஜன்னல் கண் முன்னால் காணாமல் போகும், பின்னால் இருக்கும் படம் மட்டும் தெரியும். பட்டியல் அழியவில்லை, கீழே டாக் வரிசையில் குரோமின் படத்தைச் சொடுக்கினால் அப்படியே திரும்ப வரும். ஆனால் கணக்கருக்கு அது தெரியாது. அடுத்த நிமிடம் தொலைபேசி அடிக்கும். நான்கு பதில்களில் இதுதான் மோசமானது என்பேன். முதல் பதில் வேலை செய்யாமல் போகும், அவ்வளவுதான். இது ஆளைப் பதறவைக்கும்.

சரியான பதில் இப்படி இருக்கும்:

"சார், மொத்தமாக மாற்ற:
விண்டோஸ்: `Ctrl+H`
மேக்: `Command+Shift+H`
வரும் பெட்டியில் முதல் கட்டத்தில் பெங்களூரா, அடுத்த கட்டத்தில் தோத்தாபுரி அடித்து `Replace all` சொடுக்குங்கள். விசைகளைச் சேர்த்துப் பிடித்து அழுத்த வேண்டும்."

என்ன செய்வதற்கு என்பது முதலில் வருகிறது. பிறகு இரண்டு வரிகள், விண்டோஸ் மேலே. நம்மிடம் கேட்பவர்களில் அவர்கள்தான் அதிகம் என்பதால் பெரும்பாலோர் முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்குப் பிறகு வரும் பகுதி இருவருக்கும் பொதுவானது, அதனால் ஒரே முறை எழுதப்படுகிறது. இரண்டு கணினிக்கும் தனித்தனியாக முழுப் பதிலை எழுதி, பெட்டியையும் `Replace all` பொத்தானையும் இரண்டு முறை விவரிப்பவர்கள் உண்டு. செல்பேசித் திரையில் அது ஒரு முழம் நீளும். கேட்டவர் தனக்குரிய பாதியைத் தேடிக்கொண்டிருப்பார். வேறுபடும் துண்டை மட்டும் இரட்டிப்பாக்க வேண்டும்.

"ஒருவேளை நீங்கள் விண்டோஸ் பயன்படுத்துபவராக இருந்தால்" என்றெல்லாம் இழுக்கவும் வேண்டாம். "எந்தக் கணினி என்று நீங்கள் குறிப்பிடாததால்" என்று தொடங்குவதும் வேண்டாம். அது பதிலோடு சேர்த்து ஒரு குட்டும் வைப்பது போல இருக்கிறது. இரண்டு பெயர்களும் இரண்டு வரிகளின் தலையில் இருந்தாலே அவரவர் தமக்குரியதை எடுத்துக்கொள்வார்கள்.

மேக் வரியை எப்படிச் சரியாகக் கண்டுபிடிப்பது

அன்றாடம் புழங்குபவற்றில் நேராக மாறுபவைதான் அதிகம். நகலெடுக்க C, ஒட்ட V, வெட்ட X, செய்ததை ரத்து செய்ய Z, சேமிக்க S, அச்சிட P, தேட F, எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க A. இவற்றில் `Ctrl` இருக்கும் இடத்தில் `Command` வைத்தால் போதும். இவற்றுக்கு இரண்டு வரிகூட வேண்டாம். "சேமிக்க `Ctrl+S`, மேக்கில் `Command+S`" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்.

தகராறு வேறு இடத்தில். மேக், சில விசைகளைத் தன் சொந்த வேலைக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. `Command` விசையோடு H சேர்ந்தால் செயலி மறையும். M சேர்ந்தால் ஜன்னல் சுருங்கி டாக்குக்குள் போகும். Q சேர்ந்தால் செயலியே மூடிக்கொள்ளும். இடைவெளி விசை சேர்ந்தால் ஸ்பாட்லைட் என்ற தேடல் பெட்டி வரும். `Tab` சேர்ந்தால் வேறு செயலிக்குத் தாவும். ஆகவே நீங்கள் சொல்லப்போகும் விண்டோஸ் ஷார்ட்கட் `Ctrl` விசையோடு இந்த ஐந்தில் ஒன்றைச் சேர்ப்பதாக இருந்தால், கையை எடுத்துவிடுங்கள். `Command` போட்டு ஒப்பேற்ற முடியாது, அந்தச் செயலியின் உதவிப் பக்கத்தில் மேக் பட்டியலைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். உலாவியில் அடுத்த தாவலுக்குப் போக விண்டோஸில் `Ctrl+Tab`. மேக்கிலும் அது `Control+Tab` தான். அங்கே `Command` வரவே வராது.

நம் வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்பது ஒன்று: தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் கீபோர்டை மாற்றுவது. விண்டோஸில் `Windows` விசையும் இடைவெளி விசையும். மேக்கில் `Windows` விசை இல்லாததால், அந்த இடத்தில் இருக்கும் `Command` விசையைப் புதியவர்கள் எழுதிவிடுவார்கள். வருவது ஸ்பாட்லைட் பெட்டி. பெரும்பாலான மேக்குகளில் மொழி மாற்றுவது `Control` விசையும் இடைவெளி விசையும். இதில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. இரண்டு கணினியிலும் தமிழ் கீபோர்டு முன்பே சேர்க்கப்பட்டிருந்தால்தான் இது வேலை செய்யும். அந்த நிபந்தனை இருவருக்கும் பொதுவானது என்பதால் கடைசியில் ஒரு முறை எழுதினால் போதும்.

`F` வரிசை விசைகளையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். கோப்பின் பெயரை மாற்ற விண்டோஸில் `F2`. பல மேக் லேப்டாப்களில் அதே விசையை அழுத்தினால் திரையின் வெளிச்சம் கூடும். அங்கே கோப்பைத் தேர்ந்தெடுத்து `Return` அழுத்தினால் பெயர் மாற்றலாம். விண்டோஸில் அந்த இடத்திலிருக்கும் `Enter` விசையை அழுத்தினால் கோப்பு திறந்துகொள்ளும். ஒரே விசை, இரண்டு கணினியில் இரண்டு வேலை. இத்தகைய இடங்களில் எந்த வரி எந்தக் கணினிக்கு என்ற தலைப்பு கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

ஒரே வேலைக்கு விண்டோஸில் இரண்டு ஷார்ட்கட் இருந்தால், மேக்குக்கு நேராக மாறக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தைப் புதுப்பிக்க எல்லோரும் `F5` என்றுதான் சொல்வார்கள். `Ctrl+R` விசைகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன, மேக்கில் அது `Command+R`. இரண்டும் ஒரே அச்சில் இருப்பதால் பதில் அரை வரி குறைகிறது. இதைவிட எளிது, இருவருக்கும் பொதுவான மெனு வழி இருந்தால் அதையே சொல்லிவிடுவது. கூகுள் ஷீட்டில் `Edit` மெனுவைத் திறந்தால் `Find and replace` இரண்டிலும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அவர் கேட்டது ஷார்ட்கட். அதைக் கொடுத்துவிட்டு, விசை பிடிபடாதவர்களுக்காக மெனு வழியைக் கடைசியில் சேருங்கள்.

லினக்ஸ் பற்றியும் கேட்பார்கள். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் மாணவர் லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்த கணினிகள் உண்டு. உலாவியிலும் அலுவலகச் செயலிகளிலும் லினக்ஸ் ஷார்ட்கட்டுகள் பெரும்பாலும் விண்டோஸைப் போலவே `Ctrl` வழியில் போகின்றன. தடயம் இல்லாதபோது மூன்றாவது வரி எழுத வேண்டியதில்லை. அவர் லினக்ஸ் என்று சொன்னால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

விசை சரி, விளைவு வேறு

திரையில் வந்த பிழைச் செய்தியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லும்போது இந்தச் சிக்கல் வரும். திரையின் ஒரு பகுதியை மட்டும் எடுக்க விண்டோஸ் 10, 11 இரண்டிலும் `Windows+Shift+S`. மேக்கில் `Command+Shift+4`. இரண்டிலும் சுட்டியை இழுத்துப் பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவரை ஒரே கதை. அதற்குப் பிறகு விண்டோஸில் படம் நினைவகத்தில் தங்குகிறது, வாட்ஸப் வெப்பைத் திறந்து `Ctrl+V` அழுத்தி ஒட்ட வேண்டும். மேக்கில் அது வழக்கமாக டெஸ்க்டாப்பில் ஒரு கோப்பாக வந்து விழுகிறது. விசைகளை மட்டும் எழுதிவிட்டு "பிறகு ஒட்டுங்கள்" என்று பொதுவாக முடித்தால், மேக்காரர் ஒட்டும்போது அதற்கு முன் நகலெடுத்த ஏதோ ஒன்று வந்து நிற்கும். அது வங்கிக் கணக்கு எண்ணாகவும் இருக்கலாம்.

மேக்கில் `Control` விசையையும் சேர்த்து நான்கு விசைகளாக அழுத்தினால் அங்கேயும் நினைவகத்துக்குப் போகும், இரண்டு வரிகளும் ஒரே மாதிரி முடியும். எழுதுகிற நமக்கு அது வசதி. பழக்கமில்லாத ஒருவரை நான்கு விசைகளைச் சேர்த்துப் பிடிக்கச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் நான் இப்படித்தான் எழுதுவேன்:

"விண்டோஸ்: `Windows+Shift+S`, இழுத்துத் தேர்ந்தெடுத்து, இங்கே `Ctrl+V`.
மேக்: `Command+Shift+4`, இழுத்துத் தேர்ந்தெடுத்தால் டெஸ்க்டாப்பில் படம் இருக்கும், அதை அனுப்புங்கள்."

விசையின் பெயரை எழுதும் விதம்

கீபோர்டில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதையே எழுதுங்கள். மேக் விசைகளுக்கு உரிய சின்னங்களை மட்டும் போடாதீர்கள். விண்டோஸ்காரருக்கு அவை புரியாது, மேக்காரர்களிலும் பலர் கீபோர்டைக் குனிந்து பார்த்துத் தேடுவார்கள். கூட்டல் குறியையும் ஒரு விசை என்று நினைத்து அழுத்துபவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் "சேர்த்துப் பிடித்து" என்ற சொல் பதிலில் வேண்டும். பெரிய எழுத்தில் S என்று பார்த்துவிட்டு `Shift` விசையையும் பிடிப்பவர்கள் உண்டு. வேர்டில் சேமிக்கச் சொன்னால் வேறொரு பெட்டி திறக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் இதைக் கேளுங்கள்.

இரண்டும் எழுதக் கூடாத இடங்கள்

திரும்பப் பெற முடியாத வேலைக்கு நான் இரண்டும் எழுதுவதில்லை. குப்பைத்தொட்டிக்குப் போகாமல் கோப்பை நேரடியாக அழிக்கும் ஷார்ட்கட் இரண்டு கணினியிலும் இருக்கிறது. யாராவது கேட்டால் முதலில் எந்தக் கணினி, எந்தக் கோப்பு என்று விசாரிப்பேன். அங்கே ஒரு சுற்றுக் கேள்விக்கு நேரம் செலவழிக்கலாம்.

அதேபோல, வேலை ஏழெட்டுப் படிகள் நீளும் என்றால் ஒவ்வொரு படிக்கும் இரண்டு வரி எழுதிக்கொண்டிருக்க முடியாது. முதல் படியை மட்டும் இரண்டு விதமாகவும் கொடுத்து, "இரண்டில் எது வேலை செய்தது என்று சொல்லுங்கள், மீதியை அனுப்புகிறேன்" என்று எழுதுங்கள். தன் கணினியின் பெயர் தெரியாதவருக்கும் எந்த வரி வேலை செய்தது என்று சொல்லத் தெரியும். அவர் கை அதற்குள் வேலையைத் தொடங்கியும் இருக்கும்.

மாங்கூழ்க் கணக்கர் "இரண்டாவது வந்தது, எல்லாம் மாறிவிட்டது" என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடயம் கிடைத்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "ஐயோ, விவசாயிகளுக்குக் கொடுக்கும் ரசீதுத் தாளிலும் மாறிவிட்டது, அங்கே பெங்களூரா என்றுதான் இருக்க வேண்டும், பழையபடி ஆக்குவது எப்படி?" என்று கேட்டால், பதில் `Command+Z` மட்டும்தான். இடையில் வேறு எதையும் மாற்றாமலிருந்தால், அதை அழுத்தியதும் இரண்டு தாளும் பழையபடி ஆகும். அடுத்த முறை அந்தப் பெட்டியில் `Search` என்று இருக்கும் இடத்தில் `This sheet` என்று வைத்தால் கொள்முதல் தாளில் மட்டும் மாறும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். இங்கே மறுபடியும் விண்டோஸ் வரியை எழுதினால், நாம் அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை என்று ஆகும்.

அவருடைய எண்ணுக்குப் பக்கத்தில் "மேக்" என்று குறித்து வைக்கலாம், நாங்களும் குறிக்கிறோம். ஆனால் அதே எண்ணிலிருந்து இரண்டு மாதம் கழித்து, "எடைமேடைக் கணினியில் பில் அச்சாகவில்லை, பக்கத்தைப் புதுப்பிப்பது எப்படி?" என்று கேள்வி வந்தால், அது வேறு மேஜை, வேறு கணினி. மறுபடியும் இரண்டு வரி எழுதுங்கள்: விண்டோஸ் `Ctrl+R`, மேக் `Command+R`.